கேதம் கேட்கும் கடிதம்

அபிராமத்தில் ஒரு சாவு நடந்தால், முஸ்லிம் வீடென்றால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொல்லிவிடும். இன்னாருடைய அத்தா மௌத்தாகிவிட்டார், இத்தனை மணிக்கு அடக்கம் என்று இரண்டு முறை அறிவிப்பார்கள். இந்து வீடென்றால் முன்பு ஆள் விட்டுக் கேதம் சொல்வார்கள், இப்போது போன். எந்த வீடானாலும் போகிறவர் நடந்துகொள்ளும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே போவார், துக்கத்தில் இருப்பவரின் கையைத் தொடுவார், பெஞ்சிலோ பாயிலோ கொஞ்ச நேரம் உட்காருவார். பேச்சு அதிகம் இருக்காது. எழுந்திருக்கும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்ல மாட்டார், பேசாமல் கிளம்பிவிடுவார். வீட்டாரும் வாசல் வரை வந்து வழியனுப்ப மாட்டார்கள்.

இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய பாடம் முழுவதும் அந்த வருகையில் இருக்கிறது. வந்தவர் தன் இருப்பைக் கொடுத்தார், எதையும் கேட்கவில்லை. தண்ணீர் கூடக் கேட்கவில்லை. நேரில் போகும்போது இது நமக்குத் தானாக வருகிறது. போனில் தட்டச்சு செய்ய உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறது. அதிலும் சொந்தக்காரர் அல்லாத, தொழில் வழியில் பழகிய ஒருவருக்கு எழுதும்போது கை தானாகக் கடைக் கடிதத்தின் போக்குக்குப் போய்விடும். கடைக் கடிதம் எப்போதும் ஏதோ ஒன்றைக் கேட்டு முடிவது. சரக்கு கேட்கும், பணம் கேட்கும், குறைந்தபட்சம் ‘தங்கள் பதிலை எதிர்பார்த்து’ என்று பதிலாவது கேட்கும்.

ஆகவே தொழில் பழக்கமுள்ள ஒருவரையே எடுத்துக்கொண்டு, ஒரு கடிதத்தை முதலில் இருந்து எழுதிப் பார்ப்போம்.

நிலவரம்

பார்த்திபனூரில் இருந்து கமுதி போகும் வழியில் இருக்கிறது அபிராமம். கமுதி வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. சுற்றியுள்ள கரிசல் நிலத்தில் மழையை நம்பி விளைவது முண்டு மிளகாய், குட்டையாக உருண்டையாக இருக்கும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாசியில் தொடங்கிச் சித்திரை வரை பழம் பறித்துக் களத்தில் காயப்போட்டு, மூட்டை கட்டி மண்டிக்குக் கொண்டுவருவார்கள்.

அப்படி ஒரு கமிஷன் மண்டி நடத்துபவரை வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயதுக்காரர், எல்லோருக்கும் பாய். அவரிடம் ஏழெட்டு வருடமாகச் சரக்கு எடுக்கும் விருதுநகர் வியாபாரி ஒருவர்தான் கடிதம் எழுதப் போகிறவர். பாயின் அத்தா முந்தாநாள் இரவு இறந்துவிட்டார். கடைசி வருடம் வரை மண்டித் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிற சரக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அடக்கம் மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு முடிந்துவிட்டது. விருதுநகர்க்காரருக்குச் செய்தி தெரிந்தது அதற்கும் பிறகு. பங்குனி மாதம் வேறு. அவர் பணம் கட்டிய லோடு ஒன்று இன்னும் மண்டியிலேயே கிடக்கிறது.

இந்தக் கடைசி விவரம்தான் கடிதத்தைக் கெடுக்கப் போகிறது. அது இல்லாவிட்டால் இந்த அத்தியாயத்துக்கே தேவையில்லை.

முதல் வரைவு

கடிதம் எழுதத் தெரிந்த, நல்ல மனம் உள்ள ஒரு வியாபாரி முதல் தடவையில் இப்படித்தான் எழுதுவார்:

“அன்புள்ள பாய் அவர்களுக்கு, தங்கள் தந்தையாரின் மறைவுச் செய்தி கேட்டு ஆற்றொணாத் துயரம் அடைந்தேன். இது ஈடு செய்ய முடியாத இழப்பு. என்ன ஆயிற்று? உடம்பு சரியில்லாமல் இருந்தாரா? தகவல் தாமதமாகத் தெரிந்ததால் வர முடியவில்லை, மன்னிக்கவும். அன்னாரின் ஆத்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன். எந்த உதவி வேண்டுமானாலும் தயங்காமல் கூப்பிடுங்கள். லோடு பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம், பிறகு பேசிக்கொள்ளலாம்.”

இதில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. ஆனாலும் பாய் இருக்கும் இடத்தில் இருந்து படித்துப் பாருங்கள். வீடு நிறைய ஆட்கள், தூங்கி இரண்டு நாள் ஆகிறது, போனில் அறுபது எழுபது செய்திகள் வந்து கிடக்கின்றன. அந்த நிலையில் ஒவ்வொரு வாக்கியமும் அவரிடம் என்ன கேட்கிறது?

‘என்ன ஆயிற்று?’ என்பது பதில் கேட்கிறது. அப்பாவின் கடைசி இரவை அவர் இதுவரை முப்பது பேருக்குச் சொல்லியிருப்பார், இது முப்பத்தோராவது. ‘மன்னிக்கவும்’ என்பது ‘பரவாயில்லை’ என்ற சொல்லைக் கேட்கிறது. துக்கத்தில் இருப்பவர் நமக்கு ஆறுதல் சொல்லும்படி ஆகிறது. ‘தயங்காமல் கூப்பிடுங்கள்’ என்பது பார்க்கக் கொடுப்பது போல இருக்கும். ஆனால் என்ன உதவி வேண்டும் என்று யோசிப்பது, அதை யாரிடம் கேட்கலாம் என்று தேர்ந்தெடுப்பது, கூச்சத்தை விட்டுக் கேட்பது, இந்த மூன்றையும் அவர் தலையில் வைத்துவிடுகிறது. உண்மையில் ஒன்று செய்ய முடியுமென்றால் கேட்காமல் செய்துவிட வேண்டும். முடியாதென்றால் அந்த வாக்கியம் வேண்டாம்.

கடைசி வாக்கியத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ‘லோடு பற்றிக் கவலைப்பட வேண்டாம்’ என்று படிக்கிற வரையில் பாய்க்கு லோடு ஞாபகமே இருந்திருக்காது. இப்போது வந்துவிட்டது. எழுதியவர் அதை மறக்கவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. கவலைப்பட வேண்டாம் என்று சொல்லி ஒரு கவலையை நினைவூட்டுவது கடன் கேட்பதன் மரியாதையான உருவம். ‘பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்றதும் ஒரு தேதியும் அதில் ஒளிந்து வந்துவிடுகிறது.

என் தாயார் இறந்த மூன்றாம் நாள் எனக்கே ஒரு செய்தி வந்தது. எழுதியவர் எனக்குப் பல வருடம் பழக்கமானவர். ஐந்து வரி உருக்கமாக எழுதியிருந்தார். அம்மா கையால் சாப்பிட்டதைக் கூடச் சொல்லியிருந்தார். ஆறாவது வரியில், நேரம் கிடைக்கும்போது அந்தப் பட்டியலை மட்டும் அனுப்பினால் போதும் என்று இருந்தது. அன்றைக்கு அந்த ஐந்து வரியும் என் கண்ணுக்கு ஆறாவது வரிக்குப் போட்ட பீடிகையாகத்தான் தெரிந்தன. அவர் அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார் என்று இன்று எனக்குப் புரிகிறது. ஆனால் துக்கத்தில் இருப்பவர் அத்தனை நிதானத்தோடு படிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு கோரிக்கை கடிதத்தின் எந்த மூலையில் இருந்தாலும் மற்ற வரிகளை எல்லாம் அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

ஆகவே வரைவை முடித்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். இதைப் படித்து முடித்தபின் அவர் ஏதாவது செய்தாக வேண்டுமா? பதில் சொல்ல, விளக்கம் தர, மன்னிக்க, நன்றி சொல்ல, முடிவெடுக்க, எதுவானாலும் சரி. ‘ஆம்’ என்று வருகிற வாக்கியத்தை அடித்துவிடுங்கள். மேலே உள்ள வரைவில் இப்படி அடித்தால் நான்கு இடம் போய்விடும். மிஞ்சுவது ஆற்றொணாத் துயரமும் ஈடு செய்ய முடியாத இழப்பும் ஆத்மா சாந்தியும்தான். இந்த மூன்றும் சுவரொட்டியில் படித்துப் படித்து நம் கைக்கு வந்தவை. யாருடைய அத்தாவுக்கும் பொருந்தும், அதனால் இந்த அத்தாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அதாவது முதல் வரைவில் உண்மையான கடிதம் இன்னும் தொடங்கவே இல்லை.

இறந்தவர் எங்கே?

கடிதத்தின் நடுவில் இறந்தவர் இருக்க வேண்டும். எழுதுகிறவரின் துயரம் அல்ல, தத்துவமும் அல்ல. நீங்கள் கண்ணால் பார்த்த, காதால் கேட்ட ஒரு சிறு விஷயம் போதும். குடும்பத்தார் அவரைத் தகப்பனாக அறிவார்கள். மண்டித் திண்ணையில் அன்னியர் ஒருவரிடம் அவர் எப்படி இருந்தார் என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்த செய்தி. அதைத்தான் நீங்கள் அந்த வீட்டுக்குக் கொடுக்க முடியும், வேறு யாராலும் கொடுக்க முடியாது.

நம் விருதுநகர்க்காரர் யோசித்துப் பார்க்கிறார். முதலில் நினைவுக்கு வருவது ‘நல்ல மனுஷன், நேர்மையான வியாபாரி’ என்பது. அது முடிவுரை, நினைவு இல்லை. இன்னும் கொஞ்சம் தோண்டினால், முதல்முறை அபிராமம் வந்த நாள் கிடைக்கிறது. அன்று பெரியவர் மூட்டையில் இருந்து ஒரு வற்றலை எடுத்து இவர் காதோரம் வைத்து ஆட்டினார். உள்ளே விதை கலகலத்தது. சத்தம் வந்தால் காய்ச்சல் சரி, வராவிட்டால் ஈரம் இருக்கிறது, எடையில் ஏமாந்து போவாய் என்றார். விற்கிற பக்கம் இருந்துகொண்டு வாங்குகிறவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். ‘நேர்மையான வியாபாரி’ என்ற சொல்லே இனி தேவையில்லை.

எப்படிப்பட்ட நினைவை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். மிளகாய் என்ற சொல் வருவதால் அது வியாபாரப் பேச்சு ஆகிவிடாது. ஆனால் பெரியவர் ஒரு வருடம் விலை விழுந்தபோது பணத்துக்கு மூன்று மாதம் தவணை கொடுத்தார் என்ற நினைவு எவ்வளவு நெகிழ்ச்சியானதாக இருந்தாலும் எழுதாதீர்கள். மகன் அதை இனிமேலும் தவணை கேட்பதாகப் படிக்க இடமிருக்கிறது. அவர் நோயில் கிடந்ததைப் பார்த்த நினைவும் வேண்டாம். அதை வீட்டார் தாங்களே பார்த்து அலுத்திருக்கிறார்கள். உடம்பு நன்றாக இருந்த காலத்து நினைவு ஒன்றை வெளியாள் வந்து சொல்லும்போதுதான் அந்த முகம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது.

இறந்தவரை நீங்கள் பார்த்ததே இல்லை என்றால் அதை ஒளிக்க வேண்டாம். உங்களுக்குப் பழக்கமானவர் மூலம் தெரிந்ததைச் சொல்லலாம். ‘உங்கள் அம்மாவை நான் பார்த்ததில்லை. ஆனால் மதியம் அவர் போன் வந்தால் எந்தப் பேச்சையும் நிறுத்திவிட்டு எழுந்து போவீர்கள். அதை வைத்தே அவர் யார் என்று எனக்குத் தெரியும்.’ இந்த மூன்று வாக்கியம் ஒரு முழுக் கடிதம். அதுவும் இல்லை என்றால் இரண்டு வரியில் நிறுத்துங்கள். இல்லாத நெருக்கத்தைச் செய்துகாட்ட வேண்டாம்.

எழுதும் முன் விவரத்தைச் சரிபார்ப்பது இந்த இடத்தில்தான். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, 1864-இல், பாஸ்டன் நகரத்து பிக்ஸ்பி என்ற தாய்க்கு ஆபிரகாம் லிங்கன் பெயரில் ஓர் இரங்கல் கடிதம் போனது. உலகத்தின் சிறந்த இரங்கல் கடிதங்களில் ஒன்று என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். போரில் ஐந்து மகன்களையும் பறிகொடுத்த தாய் என்று அந்தக் கடிதம் அவரை அழைத்தது. உண்மையில் போரில் இறந்தது உறுதியானவர்கள் இரண்டு பேர்தான். அதிகாரிகள் கொடுத்த தகவலில் இருந்த பிழை அது. நாட்டின் அதிபர் மாளிகைக்கே இப்படி நடந்தது என்றால், மண்டிப் பையன் போனில் சொன்ன செய்தியை நம்பி எழுதும் நமக்கு நடக்காதா? இறந்தவர் அத்தாவா, மாமனாரா? அண்ணனா, சித்தப்பா மகனா? நம் பக்கம் எல்லோரையும் அண்ணன் என்றே சொல்வதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். மாமியார் இறந்த ஒருவருக்கு ‘உங்கள் அம்மா’ என்று நான் எழுதிவிட்டேன். அவருடைய சொந்த அம்மா அப்போது உயிரோடு இருந்தார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு போன் போதும். ஆனால் அந்தப் போன் துக்க வீட்டுக்குப் போகக் கூடாது, பக்கத்து மண்டிக்குப் போக வேண்டும்.

எந்தச் சொல்லில் எழுதுவது?

முஸ்லிம் வீட்டில் மரணச் செய்தி கேட்டவுடன் ‘இன்னா லில்லாஹி’ என்று தொடங்கும் சொற்களைச் சொல்வது வழக்கம். மனிதர் இறைவனுக்கு உரியவர், அவனிடமே திரும்புகிறவர் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. வேறு சமயத்தார் அதை எழுதினால் யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். ஆனாலும் எனக்கு அது நாவில் பழகாத சொல் என்றால், பிழையோடு எழுதுவதைவிட என் சொந்தத் தமிழில் ‘அல்லாஹ் அத்தாவுக்கு நல்ல இடத்தைக் கொடுக்கட்டும்’ என்று எழுதவே விரும்புவேன். ‘ஆத்மா சாந்தியடையட்டும்’ என்பது அந்த வீட்டின் பேச்சு இல்லை. அங்கே இறந்தவருக்காகக் கேட்பது மன்னிப்பும் சுவர்க்கமும். விளக்கு எரிவதும் மாலை தொங்குவதுமான ஆயத்தப் படங்களையும் அனுப்ப வேண்டாம். இந்து வீடானாலும் அந்தப் படங்களை நான் அனுப்புவதில்லை. அதே படத்தை அவர் அன்றைக்கு இருபது பேரிடம் இருந்து பெற்றிருப்பார்.

முறைப்பெயர் மிக முக்கியம். ‘தங்கள் தந்தையார்’ என்றால் பத்திரிகை. மண்டியில் அவரை எப்படிச் சொல்வீர்களோ அப்படியே, ‘அத்தா’ என்று எழுதுங்கள். கீழக்கரைப் பக்கத்து நண்பர் என்றால் ‘வாப்பா’வாக இருக்கும். கமுதிப் பக்கத்துக் கரி வியாபாரி என்றால் ‘அப்பா’ அல்லது ‘ஐயா’. அந்த ஒரு சொல் சரியாக விழுந்தால் கடிதம் பாதி தூரம் போய்விட்டது.

இப்போது விருதுநகர்க்காரரின் இரண்டாவது வரைவு:

“பாய், அத்தா மௌத்தான செய்தி இன்று மதியம்தான் தெரிந்தது. மனசு கனத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். நான் முதல்முறை அபிராமம் வந்த அன்று அத்தா ஒரு வற்றலை எடுத்து என் காதில் வைத்து ஆட்டிக் காட்டினாங்க. விதை பேசினால்தான் காய்ச்சல் சரி என்று சொன்னாங்க. இன்றைக்கும் எந்த ஊர்ச் சரக்கைப் பார்த்தாலும் முதலில் காதில்தான் வைக்கிறேன். விற்கிறவங்க வாங்குகிறவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டிய அவசியம் இல்லை. அத்தா சொல்லித்தந்தாங்க. அல்லாஹ் அவங்களுக்கு நல்ல இடத்தைக் கொடுக்கட்டும். உங்களையும் அம்மாவையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.”

கீழே பெயரும் ஊரும் மட்டும். கடைப் பெயர் இல்லை, ‘உரிமையாளர்’ என்ற பதவி இல்லை. போனில் தானாகச் சேரும் நிறுவனக் கையொப்பம் இருந்தால் அதை நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும். வர முடியாததற்கு மன்னிப்பும் இல்லை. ‘இன்று மதியம்தான் தெரிந்தது’ என்பதே காரணத்தைச் சொல்லிவிட்டது, அதற்கு மேல் அவர் நம்மை மன்னிக்கும் வேலை இல்லை.

‘பதில் எழுத வேண்டாம்’ என்பதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கேதம் கேட்க வந்தவர் சொல்லாமல் எழுந்து போவது போல, கடிதமும் அவரைப் பிடித்து வைக்காமல் கிளம்ப வேண்டும். ‘விரைவில் சந்திப்போம்’ என்று முடித்தால் அது ‘போயிட்டு வர்றேன்’ என்று சொன்ன மாதிரி.

குரல் பதிவு அனுப்பலாமா என்று கேட்பார்கள். நெருங்கிய நட்பென்றால் சரி. தொழில் பழக்கம் என்றால் எழுத்தே நல்லது. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் பதிவை ஓடவிட்டுக் கேட்க முடியாது, காதில் வைத்துக் கேட்கத் தனியாக ஒதுங்க வேண்டும். எழுத்தை ஒரு பார்வையில் படிக்கலாம், நாற்பது நாள் கழித்தும் எடுத்துப் படிக்கலாம். வியாபாரிகள் சங்கக் குழுவில் நூறு பேர் ஒரே சொல்லைப் போடுவதோடு உங்கள் கடிதத்தையும் போட வேண்டாம். அது அவர் ஒருவருக்கு எழுதியது.

அந்த லோடு என்ன ஆவது?

லோடு உண்மையானது, காயப்போட்ட மிளகாய் கோடை மழையில் நனைந்தால் போச்சு. அதைப் பற்றி அக்கறைப்படுவதில் தவறில்லை. தவறு அதைக் கடிதத்தில் ஏற்றுவதில்தான். மண்டியில் கணக்குப்பிள்ளை இருப்பார். அவரிடம் போனில் கேளுங்கள், பாய் பெயரை இழுக்காமல், அவர் தீர்க்கக்கூடிய அளவுக்கு மட்டும். கணக்குப்பிள்ளைக்கும் அது துக்கம்தான் என்பதை மறக்காமல் பேசுங்கள். அவரால் முடியாதது என்றால் காத்திருக்க வேண்டும். இஸ்லாத்தில் பொதுவாகத் துக்கம் காப்பது மூன்று நாள். கணவனை இழந்த மனைவிக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா உண்டு. ஆகவே மகன் நாலைந்து நாளில் மண்டிக்கு வந்துவிடலாம், வீடு அப்போதும் இத்தாவில்தான் இருக்கும். இந்து வீடென்றால் பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை பலர் கடைப் பேச்சு பேச மாட்டார்கள். அவர் மண்டிக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தபின் லோடு பற்றித் தனிச் செய்தியாக, அளவும் தேதியும் போட்டு, சுருக்கமாக எழுதுங்கள். அதில் மறுபடியும் இரங்கல் சேர்க்க வேண்டாம். இரங்கலில் சரக்கு கலக்கக் கூடாதது போலவே சரக்கில் இரங்கலும் கலக்கக் கூடாது.

இறந்தவரே உங்களுக்குப் பணம் தர வேண்டியிருந்தால் இன்னும் கவனம் தேவை. முஸ்லிம் வீடுகளில் ஜனாஸாவின்போதே, இவருக்கு யாரிடமாவது கடன் இருந்தால் எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாரிசுகள் கூட்டத்தில் சொல்வது உண்டு. கடனோடு போகக் கூடாது என்ற எண்ணம் அங்கே அவ்வளவு ஆழமானது. அந்த மனநிலையில் இருக்கும் மகனுக்கு உங்கள் இரங்கலில் பாக்கியின் நிழல் தெரிந்தாலும் அது முள்ளாகக் குத்தும். கடனை விட்டுவிட நினைத்தாலும் இந்தக் கடிதத்தில் சொல்லாதீர்கள். உடனே நன்றி சொல்லும் கடமை அவருக்கு வந்துவிடும். நீங்கள் தர வேண்டியது இருந்தால் மட்டும், அவர்கள் கேட்கும் முன், சில நாள் கழித்துத் தொகையைச் சொல்லி எழுதுங்கள், அல்லது கொண்டுபோய்க் கொடுங்கள்.

சின்ன வயதில் நேர்ந்த சாவு, விபத்து, தற்கொலை என்றால் மேலே சொன்னதில் பாதியை விட்டுவிட வேண்டியிருக்கும். நினைவு எதையும் தேட வேண்டாம், காரணத்தின் பக்கமே போக வேண்டாம். ‘செய்தி கேட்டேன். சொல்ல வார்த்தை இல்லை. உங்கள் பக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.’ இதற்கு மேல் எழுதுவது எல்லாம் அந்த நேரத்தில் சத்தம்தான்.

நாற்பது நாள் கழித்து

தந்தி வந்தாலே வீடு நடுங்கிய காலத்தில் இரங்கலும் தந்தியில் போனது, பிறகு விவரமாக ஒரு கடிதம் போனது. நாட்டில் தந்தி 2013-இல் நின்றுவிட்டது. அதோடு இரண்டாவது கடிதமும் நின்றுபோனதுதான் எனக்கு வருத்தம். முதல் வாரத்தில் எழுபது செய்தி வரும், நாற்பதாம் நாளுக்குப் பிறகு ஒன்றும் வராது. வீடு உண்மையில் வெறிச்சோடுவது அப்போதுதான். நம் விருதுநகர்க்காரர் அப்போது இரண்டு வரி எழுதலாம்: ‘பாய், நேற்று சரக்கு பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தா ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு என் சலாம் சொல்லுங்கள்.’ சலாம் சொல்லச் சொல்வதும் கோரிக்கைதானே என்று நீங்கள் கேட்டால், ஆம், கோரிக்கைதான். ஆனால் நாற்பது நாளுக்குப் பிறகு, அம்மாவிடம் போய்ச் சொல்ல ஒரு நல்ல வார்த்தை கையில் இருப்பது மகனுக்குப் பாரமாக இருக்காது.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பண்டிகைக்குப் பண்டிகை கடை போனில் இருந்து எல்லோருக்கும் ஒரே வாழ்த்து அனுப்பும் பட்டியல் உங்களிடம் இருக்கும். சாவு நடந்த இந்து வீட்டில் ஒரு வருடம் தீபாவளி, பொங்கல் கொண்டாட மாட்டார்கள். பட்டாசுப் படத்தோடு ‘இல்லம் சிறக்க’ என்று ஒரு செய்தி அந்த வீட்டுக்குப் போனால், நீங்கள் எழுதிய நல்ல கடிதத்தை அது அழித்துவிடும். முஸ்லிம் வீட்டுக்குப் பெருநாள் வாழ்த்து அனுப்பலாம், ஆனால் முதல் பெருநாளுக்குப் படம் இல்லாமல், பெயர் சொல்லித் தனியாக எழுதுங்கள். இரங்கல் கடிதம் அனுப்பிய அன்றே அந்த எண்ணைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். பிறகு செய்யலாம் என்றால் மறந்துபோகும்.